எலுமிச்சைக்கு எத்தனை அடி ஆழம் வரை தண்ணீர் இறங்க வேண்டும்? மண் குழிச் சுவரில் வேர் எண்ணியது பற்றிய இழை

புளியங்குடித் தோட்டம் · 11 பிப்ரவரி, காலை 6.40

செம்மண் நிலத்தில் ஏழு வயது எலுமிச்சை நிற்கிறது. ஆறு மீட்டர் இடைவெளி. மரத்துக்கு நான்கு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் விடும். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். மார்ச் பிறந்ததும் பிற்பகலில் இலை சுருள்கிறது, பிஞ்சும் கொட்டுகிறது. சொட்டுநீர் அமைத்துக் கொடுத்தவர், எலுமிச்சை வேர் நான்கு அடி போகும், நீங்கள் கொடுப்பது மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது, மூன்று மணி நேரம் ஓட்டுங்கள் என்கிறார். வேலிக்கல் நடத் தோண்டிய இடத்தில் நான்கு அடியில் விரல் தடிமனில் ஒரு வேரை நானும் பார்த்தேன். ஆனால் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை. குழி வெட்டிப் பார்த்து இதை முடிவு செய்ய முடியும் என்று கேள்விப்பட்டேன். எங்கே வெட்டுவது, எதைப் பார்ப்பது?

தென்காசி நாற்று · 11 பிப்ரவரி, காலை 8.15

எலுமிச்சைக்கு இரண்டரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி போதும். மேல்மண்ணையும் தொழுவுரத்தையும் கலந்து நிரப்பி, ஒரு மழை பெய்த பிறகு நடுங்கள். ஏழு வயது மரத்தைச் சுற்றி வெட்ட வேண்டிய தேவை என்ன என்று புரியவில்லை.

புளியங்குடித் தோட்டம் · 11 பிப்ரவரி, காலை 8.50

நடவுக் குழியைப் பற்றிக் கேட்கவில்லை, ஐயா. நிற்கிற மரத்தின் வேர் எதுவரை தண்ணீர் எடுக்கிறது என்று பார்ப்பதற்கான குழி.

குழாய்ப் பொறியாளர் · 11 பிப்ரவரி, இரவு 9.05

இதற்காகக் குழி வெட்டி மரத்தை வருத்த வேண்டியதில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் நீர்ப்பாசனக் கையேட்டில் ஒவ்வொரு பயிருக்கும் வேர் ஆழம் அட்டவணையாக இருக்கிறது. விரிந்த குடை உள்ள எலுமிச்சை வகை மரங்களுக்கு 1.2 முதல் 1.5 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அமைத்தவர் சொன்ன நான்கு அடி அதிலிருந்து வந்ததுதான். விதைக்கன்றாக இருந்தால் ஆணிவேரும் இருக்கும். அது இன்னும் ஆழமாகப் போகும். ஆகவே 1.2 மீட்டருக்குக் கணக்கிடுவது சரி.

மண்ணாய்வில் இருந்தவன் · 12 பிப்ரவரி, காலை 5.55

பொறியாளர் குறிப்பிடும் அட்டவணை உண்மையானது. ஆனால் அதன் அடிக்குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய எண்கள், வேரைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இல்லாத மண்ணுக்கு உரியவை என்றும், பாசனத் திட்டமிடலுக்குச் சிறிய எண்ணை எடுக்கலாம் என்றும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. புளியங்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் இரண்டடிக்குக் கீழே சரளை கிடக்கிறதா, கெட்டிப்பட்ட களி இருக்கிறதா என்பதை எந்த அட்டவணையும் அறியாது. நான்கு அடியில் கண்ட விரல் தடிமன் வேரும் சான்றாகாது. அந்தத் தடிமனில் இருப்பது தண்ணீரைக் கடத்தும் வேர். தண்ணீரை உறிஞ்சுவது இரண்டு மி.மீ.க்கும் மெலிந்த வேர்கள். எண்ண வேண்டியது அவற்றைத்தான்.

குழியை மரத்தூரிலிருந்து குடையின் விளிம்பு வரையுள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதியில், டிரிப்பர் நனைக்கும் இடத்தின் ஓரத்தைச் சுவர் வெட்டிச் செல்லும்படி அமையுங்கள். ஒரு மரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் போதும். சுவர் ஒரு மீட்டர் அகலம் இருக்கட்டும். கடைசி வேரைக் கண்ட பிறகும் ஒரு சாண் கீழே போங்கள்; அப்போதுதான் வேர் முடிந்துவிட்டதா, நீங்கள் தோண்டுவதை நிறுத்தியதால் முடிந்ததுபோல் தெரிகிறதா என்ற ஐயம் வராது. எண்ணப்போகும் சுவரின் மேல்விளிம்பில் தோண்டிய மண்ணைக் கொட்டாதீர்கள், அங்கே நிற்கவும் வேண்டாம். நான்கு அடிக்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கத்தைப் படியாக வெட்டிக்கொண்டு, மேலே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள். மணற்பாங்கான செம்மண் சுவர் சொல்லாமல் சரியும்.

மண்வெட்டியால் சுவரைச் செங்குத்தாகச் சீவி, நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைச் சுவரோடு சேர்த்து நறுக்கிவிடுங்கள். பிறகு கைத்தெளிப்பானால் மெதுவாகத் தண்ணீர் அடித்து, ஒரு செ.மீ. அளவுக்கு மண்ணைக் கரைத்து எடுங்கள். மண் கரைந்து விழ, நறுக்கிய வேர்நுனிகள் துடைப்பக் குச்சி நுனிகளைப் போலச் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும். பத்து செ.மீ. கட்டங்களாக நூல் கட்டிய மரச்சட்டத்தை அதன்மேல் ஆணியடித்து வைத்து, கட்டம் கட்டமாக எண்ணி எழுதுங்கள். மெல்லிய வேரைத் தனியாகவும் தடித்த வேரைத் தனியாகவும் எழுத வேண்டும்.

எண்ணும்போது இரண்டு இடங்களில் ஏமாறுவோம். செத்த வேரையும் எண்ணிவிடுவது ஒன்று: உயிருள்ள வேர் வளைத்தால் வளையும், உள்ளே வெளிறி ஈரமாக இருக்கும், செத்தது ஒடியும், அல்லது நகத்தால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும். களையின் வேரையும் சேர்த்துவிடுவது மற்றொன்று: எலுமிச்சை வேர் மஞ்சளோடிய பழுப்பாக இருக்கும், கோரையும் அருகும் வெள்ளையாக, பல இடங்களில் கணுவோடும் கிழங்கோடும் கிடக்கும். சந்தேகம் வந்தால் அந்த வேரைக் கொஞ்ச தூரம் பின்தொடர்ந்து தோண்டிப் பாருங்கள்.

புளியங்குடித் தோட்டம் · 12 பிப்ரவரி, பகல் 1.20

ஜே.சி.பி. வைத்து வெட்டிக்கொள்ளலாமா? தண்ணீர் விட்ட மறுநாள் வெட்டினால் இலகுவாக இருக்குமா?

மண்ணாய்வில் இருந்தவன் · 12 பிப்ரவரி, இரவு 7.30

குழியை எந்திரத்தால் வெட்டலாம். ஆனால் எண்ணப்போகும் சுவரை மட்டும் அரை அடி விட்டுவிட்டு, அந்த அரை அடியைக் கையால் சீவி எடுங்கள். எந்திரத்தின் வாளி களிமண்ணை இழுத்துப் பூசிவிட்டால் மெல்லிய வேர் ஒன்றும் தெரியாது. ஈரம் அதிகமிருந்தாலும் இதே பூச்சு ஏற்படும். காய்ந்து கல்லானாலும் வேர் மண்ணோடு பெயர்ந்து வந்துவிடும். தண்ணீர் விட்டு மூன்றாம் நாள் வெட்டுவது எனக்கு ஒத்துவந்திருக்கிறது. சுவரில் பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் எண்ணுங்கள். வேரின் நிழலும் சேர்ந்து விழுவதால் மெல்லியது கண்ணுக்குத் தப்பாது.

பொள்ளாச்சித் தென்னை · 13 பிப்ரவரி, காலை 7.10

இதே வேலையை எங்கள் தென்னையில் செய்து பார்த்தேன். மேலே ஓர் அடி ஏறக்குறைய வெறும் மண்ணாக இருந்தது. வேரெல்லாம் ஓர் அடிக்குக் கீழே தொடங்கி மூன்றடி வரை நெருக்கமாக இருந்தது. அப்படியானால் மேல் ஓர் அடிக்குத் தண்ணீர் கொடுப்பது வீண்தானே? குழாயைப் புதைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மண்ணாய்வில் இருந்தவன் · 13 பிப்ரவரி, மாலை 6.45

ஆண்டுதோறும் உழுகிற தோப்பில் தென்னை வேர் மேல் ஓர் அடியில் குறைவாக இருப்பது வழக்கம்தான். கலப்பை அறுத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எண்ணியது உழவின் விளைவும்கூட. உழவை நிறுத்தி மட்டை மூடாக்குப் போட்ட தோப்பில் அந்த ஓர் அடியிலும் வேர் ஏறி வரும். குழாயைப் புதைப்பதில் ஆவியாதல் குறையும் என்பது உண்மை. ஆனால் அடைப்பு ஏற்பட்டால் கண்ணில் படாது, வேரும் டிரிப்பர் வாய்க்குள் நுழையும். மேலே விட்டாலும் நீர் அந்த ஓர் அடியைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால், கணக்கில் அந்த அடுக்கையும் சேர்த்தே ஆக வேண்டும். தென்னையைத் தனி இழையில் பேசுவோம்.

புளியங்குடித் தோட்டம் · 18 பிப்ரவரி, இரவு 8.30

வெட்டி எண்ணிவிட்டேன். தோட்டத்தில் நடுத்தரமாக உள்ள மரம். ஒரு மீட்டர் அகலச் சுவர், மெல்லிய உயிர்வேர் மட்டும்:

0–10 செ.மீ.: 31
10–20: 68
20–30: 74
30–40: 52
40–50: 33
50–60: 14
60–70: 5
70–80: 3
80–90: 2
90–100: 2
100–110: 1

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தடித்த வேர்கள் பெரும்பாலும் முதல் ஓர் அடிக்குள் படுத்திருக்கின்றன. ஒரே ஒரு தடித்த வேர் மட்டும் நேராக இறங்குகிறது.

குழாய்ப் பொறியாளர் · 18 பிப்ரவரி, இரவு 9.40

110 செ.மீ. வரை வேர் இருக்கிறது என்பதை உங்கள் எண்ணிக்கையே காட்டுகிறது. நான் சொன்ன 1.2 மீட்டருக்கு அது மிக அருகில் வருகிறது.

மண்ணாய்வில் இருந்தவன் · 19 பிப்ரவரி, காலை 6.05

அதிகபட்ச ஆழம் 110 என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாசனத்துக்கு வேண்டியது அதுவன்று. மொத்தம் 285 வேர்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்: 40 செ.மீ. வருவதற்குள் 225 ஆகிவிட்டது, அதாவது நூற்றுக்கு 79. ஐம்பதில் 258, நூற்றுக்கு 90க்குச் சற்று மேல். அறுபதுக்குக் கீழே உள்ள அரை மீட்டர் மண்ணுக்கு மொத்தமாகப் பதின்மூன்று வேர்தான். அந்த அரை மீட்டரை நனைக்கக் கொடுக்கிற தண்ணீரை அந்தப் பதின்மூன்று வேரும் எடுத்து முடிப்பதற்குள் பெரும்பகுதி இன்னும் கீழே இறங்கிவிடும். அதோடு நீங்கள் குழாயில் விடுகிற யூரியாவும் போகும்.

நூற்றுக்கு 80 என்ற இடத்தில் கோடு போடுவது ஒரு வழக்கம். 90இல் போடுபவர்களும் உண்டு. இந்த மரத்தில் இரண்டுக்கும் இடையே பத்து செ.மீ.தான் வித்தியாசம் என்பதால் சண்டை தேவையில்லை. நான் ஐம்பதை எடுப்பேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். ஐம்பதுக்குக் கீழே வேர் ஏன் குறைந்தது? மண் தடுத்ததாலா, அங்கே எப்போதும் தண்ணீர் போகாததாலா? தினம் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு வளர்த்த மரத்தில் வேர் மேலேயே தங்கிவிடும். அப்படியானால் இந்தச் சுவர் காட்டுவது மரத்தின் இயல்பை அன்று, நீங்கள் இத்தனை ஆண்டு தண்ணீர் விட்ட முறையை. குழியை மூடவில்லை என்றால், வேர் குறைகிற அந்த இடத்தைக் கிட்டத்தில் பார்த்து எழுதுங்கள்: வேர் வளைகிறதா, மெலிந்து முடிகிறதா, கத்தி இறங்குகிறதா?

புளியங்குடித் தோட்டம் · 19 பிப்ரவரி, மாலை 6.20

மூடவில்லை. தண்ணீர் தெளித்து ஊறவிட்டுப் பார்த்தேன். மேலே சுமார் ஓர் அடி மணற்பாங்கான செம்மண். சில கற்கள் மட்டும். அதற்குக் கீழே நிறம் அடர்ந்து, களிப்பும் சரளையும் கூடுகின்றன. ஏறக்குறைய 52 செ.மீ.யில் சரளை நெருங்கி அடுக்குப்போலப் பிணைந்து கிடக்கிறது. மேலே கத்தி கைப்பிடி வரை இறங்குகிறது. அங்கே விரற்கடை இறங்கிக் கல்லில் கிறீச்சிட்டு நிற்கிறது. வேர்கள் அந்த அடுக்கின் மேல் வந்து முழங்கைபோல மடங்கிப் படுக்கையாக ஓடுகின்றன. சிலது கல்லின் வடிவத்துக்கே தட்டையாகிப்போயிருக்கின்றன. கீழே போகிற அந்தச் சில வேர்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான்: பழைய கறையான் வளைபோன்ற ஒரு துளையில், அந்தத் தடித்த வேரைச் சுற்றிக்கொண்டு இறங்குகின்றன. சரளைக்கு அடியில் மண்ணில் லேசான ஈரமும் இருக்கிறது.

மண்ணாய்வில் இருந்தவன் · 19 பிப்ரவரி, இரவு 9.15

இதற்குமேல் ஐயம் வேண்டாம். முழங்கைபோல மடங்குவதும் தட்டையாவதும் தடையின் அடையாளம். தண்ணீர் எட்டாததால் நின்ற வேர் மடங்காது. கிளை குறைந்து மெலிந்து தேய்ந்து முடியும், கத்தியும் அங்கே தாராளமாக இறங்கும். அடியில் ஈரம் இருந்தும் வேர் போகவில்லை என்பதும் அதையே உறுதி செய்கிறது. உங்கள் பாசன ஆழம் 50 செ.மீ. மூன்று மணி நேரம் ஓட்டினாலும் இந்த மரம் அதற்குக் கீழே பெரிதாக வேர்விடப் போவதில்லை.

இனி அந்த 50 செ.மீ. மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைத்து மரத்துக்குத் தரும் என்று பார்ப்போம். மேல் 30 செ.மீ. மணற்பாங்கானது, ஒரு செ.மீ. ஆழத்துக்கு ஒரு மி.மீ. என்று வைத்தால் 30 மி.மீ. கற்களுக்குப் பத்தில் ஒரு பங்கு கழித்தால் 27. அடுத்த 20 செ.மீ. களிப்பானது, செ.மீ.க்கு 1.4 வீதம் 28 மி.மீ.; அதில் சரளை கால் பங்கு என்று கழித்தால் 21. ஆக 48 மி.மீ. இந்தக் கல் கழிவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கல்லுக்குள் தண்ணீர் தங்காது என்பதால் சரளை நிலத்தில் அந்த ஒரு கழித்தலே பாசன இடைவெளியை மாற்றிவிடும். எலுமிச்சையில் இதில் பாதி தீர்வதற்குள் அடுத்த நீர் வந்துவிட வேண்டும். எனவே ஒரு தடவைக்கு 24 மி.மீ. அதற்குமேல் கொடுப்பது சரளைக்குப் போகிற தண்ணீர்.

குழாய்ப் பொறியாளர் · 20 பிப்ரவரி, காலை 10.10

மடங்கிய வேர் பற்றிய விவரத்துக்குப் பிறகு 1.2 மீட்டரை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் 24 மி.மீ. என்பதை மரத்தின் முழு 36 சதுர மீட்டருக்கும் பெருக்கிவிடாதீர்கள். சொட்டுநீரில் நனைகிற பரப்பு மட்டுமே கணக்கு. ஒரு டிரிப்பரை ஓட்டி, மறுநாள் பக்கத்தில் தோண்டி, ஓர் அடி ஆழத்தில் ஈரம் எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்லுங்கள். மேலே தெரிகிற ஈர வட்டத்தை அளக்க வேண்டாம், உள்ளே அது விரிந்திருக்கும்.

புளியங்குடித் தோட்டம் · 21 பிப்ரவரி, இரவு 7.50

ஓர் அடியில் ஈர அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். நான்கு வட்டமும் ஒன்றோடொன்று சேரவில்லை. மரக்குடை குறுக்கே நான்கு மீட்டர்.

குழாய்ப் பொறியாளர் · 21 பிப்ரவரி, இரவு 10.25

அப்படியென்றால் ஒரு வட்டம் 0.78 சதுர மீட்டர், நான்குக்கு 3.1. அதை 24 மி.மீ.ஆல் பெருக்கினால் 75 லிட்டர். உங்கள் மரம் ஒரு தடவைக்கு வைத்துக்கொள்ளக்கூடியது அவ்வளவுதான். கோடையில் நான்கு மீட்டர் குடைக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் அளவில் தேவைப்படும் என்று வைக்கிறேன். நீங்கள் இப்போது தருவது 32. ஆகவே பற்றாக்குறை ஆழத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. இலை சுருள்வதற்கு அது போதும். மூன்று மணி நேரம் ஓட்டினால் 96 லிட்டர். தேவையைப்போல இரண்டு மடங்குக்கு மேல், மண் தாங்குவதையும் தாண்டியது. தினமும் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் 48 லிட்டர். வழியில் போகிறது பத்தில் ஒரு பங்கு என்றாலும் 43 வேருக்குச் சேரும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்க விரும்பினால் 80 லிட்டர் தேவை. நான்கு டிரிப்பரின் 75 அதற்குச் சற்றுப் போதாது. இன்னும் இரண்டு டிரிப்பரைக் குடை விளிம்புப் பக்கம் சேர்த்தால் 113 லிட்டர் பிடிக்கும், தாராளமாக இரண்டு நாள் தாங்கும். ஆழமாகப் போக முடியாத வேருக்கு அகலமாகக் கொடுப்பதுதான் வழி.

கரிசல் காடு · 22 பிப்ரவரி, காலை 6.30

எங்களுக்குக் கரிசல். குழிச்சுவரில் எண்ணினால் வெடிப்பு வந்த இடத்தில் கொத்தாக வேர், மற்ற இடத்தில் வெறுமை. சுவரை அரை அடி உள்ளே வெட்டி மறுபடி எண்ணினால் வேறு எண் வருகிறது. எதை நம்புவது?

மண்ணாய்வில் இருந்தவன் · 22 பிப்ரவரி, மாலை 7.00

கரிசலில் ஒரு சுவர் போதாது. இரண்டு மூன்று சுவரை அடுத்தடுத்துச் சீவி எண்ணிச் சராசரி எடுப்பதே நான் செய்தது. ஆனால் வெடிப்பின் சுவரில் ஒட்டி ஓடும் வேர், நடுவிலுள்ள களிக்கட்டியின் ஈரத்தை எவ்வளவு எடுக்கிறது என்பதை எண்ணிக்கையால் மட்டும் சொல்ல இயலாது. அங்கே நான் வேர் எண்ணிக்கையைவிட, பாசனத்துக்கு முன் எந்த ஆழம் வரை மண் காய்ந்திருக்கிறது என்பதையே அதிகம் பார்ப்பேன். இதற்கு மற்றவர்கள் வேறு வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.

புளியங்குடித் தோட்டம் · 9 மார்ச், இரவு 8.10

ஒரு வரிசைக்கு ஒன்றரை மணி நேரமும், ஒப்பிடுவதற்காக மூன்று மரங்களுக்கு மட்டும் மூன்று மணி நேரமும் ஓட்டிவருகிறேன். மறுநாள் காலையில் டிரிப்பரிலிருந்து ஓர் அடி தள்ளி மண் துளைப்பானால் எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேர வரிசையில் 40 செ.மீ. மண் கையில் பிடித்தால் உருண்டையாகி நிற்கிறது; சரளைக்குள் புழுதிபோல உதிர்கிறது. மூன்று மணி நேர மரங்களில் 70 செ.மீ.யில் எடுத்த சரளையே நனைந்து பளபளக்கிறது. இலைச் சுருட்டல் ஒன்றரை மணி நேர வரிசையில் குறைந்திருக்கிறது. பிஞ்சு உதிர்வதில் இன்னும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

குழாய்ப் பொறியாளர் · 9 மார்ச், இரவு 9.30

மழைக்காலத்துக்கு முன் மர வரிசைகளின் நடுவே உளிக் கலப்பை போட்டுச் சரளையை உடைத்தால் வேர் இன்னும் இறங்காதா? ஆழத்தை இப்போதைக்கு 50 என்று வைத்தாலும், நிரந்தரமாக அப்படியே விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வறட்சி ஆண்டில் அந்தக் கறையான் துளையில் இறங்கிய வேர்கள்தான் மரத்தைக் காப்பாற்றும்.

மண்ணாய்வில் இருந்தவன் · 10 மார்ச், காலை 6.00

வறட்சியில் அந்தச் சில வேர்களின் பயன் பெரிது என்பது சரி. உளிக் கலப்பை உழவுத் தடத்தால் இறுகிய கெட்டி மண்ணை உடைக்கும். பிணைந்த சரளை அடுக்கில் அது கோடு கிழிப்பதோடு நின்றுவிடக்கூடும். மேலும் உங்கள் எண்ணிக்கைப்படி உறிஞ்சும் வேரில் பாதிக்கு மேல் முதல் ஓர் அடிக்குள் இருக்கிறது. உளி முதலில் அறுப்பது அதைத்தான். நிற்கிற எலுமிச்சைத் தோட்டத்தில் நான் அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். மூடாக்குப் போடுவது அதே நோக்கத்துக்குப் பாதுகாப்பான வழி என்பது என் எண்ணம். ஓரத்தில் ஒரு வரிசையில் மட்டும், குடைக்கு வெளியே, ஒரு பக்கம் உழுது பார்க்கலாம் என்றால் மறுக்க மாட்டேன்.

இன்னொன்று. நீங்கள் எண்ணியது ஒரே மரம். சரளை தோட்டம் முழுவதும் 52 செ.மீ.யில் இருக்கும் என்று எண்ண வேண்டாம்; மேட்டில் முன்னதாகவும் பள்ளத்தில் பிந்தியும் வரும். துளைப்பானை நான்கைந்து இடங்களில் இறக்கி, எங்கே கல்லில் முட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, வித்தியாசம் பெரிதாக இருக்கும் இடத்தில் இன்னொரு குழி போடுங்கள். பள்ளப்பகுதியில் வேர் 80 வரை போயிருந்தால் அந்த வால்வுக்குத் தனி நேரம் வைக்க வேண்டியிருக்கும்.

புளியங்குடித் தோட்டம் · 10 மார்ச், இரவு 7.40

கிழக்குப் பள்ளத்தில் துளைப்பான் 75 செ.மீ. வரை தடங்கலில்லாமல் இறங்கியது. அங்கே ஒரு சுவர் வெட்டி எண்ணிவிட்டு எழுதுகிறேன். அதுவரை அந்த வால்வையும் ஒன்றரை மணி நேரத்திலேயே வைத்திருக்கிறேன்.